பெயரில்லாத முக்கோணங்கள்

அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் புள்ளிகள் கண்ணில் படவில்லை. எழுத்துதான் பட்டது. "நர்ஸ் தவறு: இருமடங்கு மருந்து."

மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் புள்ளியியல் வேலை என்னுடையது. எண்களை வாங்கி, கணக்குப் போட்டு, படமாக்கித் தர வேண்டும். இந்தப் படமும் நான் போட்டதுதான். எழுத்தும் வட்டமும் மட்டும் எங்கள் இதயநோய்ப் பிரிவுத் தலைவர் தன் கையால் சேர்த்தவை. அடுத்த வாரம் ஆய்வு மாநாட்டில் அவர் இதைக் காட்டப் போகிறார். வெளியூர் மருத்துவர்கள், மருந்தியல் பேராசிரியர்கள், எங்கள் நிர்வாகத்தார் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள்.

படம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கஷ்டமே இல்லை. இதயத் துடிப்பை அடக்குவதற்கு ஒரு மாத்திரை கொடுக்கிறோம். அது சிறுநீரகம் வழியாகத்தான் உடம்பை விட்டு வெளியேறும். சிறுநீரகம் சோம்பேறியாக இருந்தால் மருந்து ரத்தத்திலேயே தங்கிவிடும். ஆகவே கீழ்க்கோட்டில் சிறுநீரகத்தின் திறன். இடமிருந்து வலமாகப் போகப் போகத் திறன் அதிகம். பக்கக்கோட்டில், மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் இருந்த மருந்தின் அளவு. ஒரு நோயாளிக்கு ஒரு புள்ளி. எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிகிற மேகம் மாதிரி இருந்தன. நினைத்தபடியேதான்.

ஆனால் அந்த மேகத்துக்கு மேலே ஏழு புள்ளிகள் தனியாக மிதந்தன. சிறுநீரகம் நன்றாக இருந்தும் ரத்தத்தில் மருந்து எக்கச்சக்கம். அந்த ஏழையும் வளைத்துத்தான் தலைவர் வட்டம் போட்டிருந்தார்.

"சார், இது நர்ஸ் தவறுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"வேற என்னம்மா இருக்க முடியும்? ஆறு பேர் ஒரே வார்டு. பக்கவாத வார்டு. ரெண்டு தடவை குடுத்திருக்காங்க. மெமோ போயாச்சு."

மெமோ போனது எனக்கும் தெரியும். பக்கவாத வார்டின் பொறுப்பு நர்ஸ் என் அண்ணி. என் அண்ணனின் மனைவி. விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் பொறுப்பிலிருந்து இறக்கி விசாரணை வைப்போம் என்று மெமோவில் இருந்தது. மாநாட்டுப் படத்தில் இந்த எழுத்து ஏறிவிட்டால் அதற்கப்புறம் எந்த விளக்கமும் எடுபடாது. இருநூறு பேர் பார்த்த திரையில் எழுதியதை யாராவது அழிக்க முடியுமா?

"சார், ஒண்ணு சொல்லிடறேன். அந்த வார்டு சிஸ்டர் எங்க அண்ணி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அட, அப்படியா! அப்ப இதுல நீங்க தலையிடாம இருக்கறதுதான் மரியாதை."

"தலையிடலை சார். ஆனா ஏழாவது ஆள் அந்த வார்டுலயே படுக்கலை. பொது வார்டு. அவரையும் சேர்த்து வட்டம் போட்டிருக்கீங்க."

"ஒரு புள்ளிதானே. பக்கத்துல இருந்துச்சு, உள்ள வந்துடுச்சு."

பக்கத்தில் இருந்தது, உள்ளே வந்துவிட்டது! சந்தையில் தக்காளி பொறுக்குகிறாரா? புள்ளி என்றால் ஒரு மனிதர். அவர் எங்கே படுத்திருந்தார், யார் கவனித்தார், என்ன ஆனது என்பதெல்லாம் அந்தப் பொட்டுக்குள்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி சமையலறை மேடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் வாசற்படியில் சாய்ந்து நின்றிருந்தான்.

"வா, கணக்குப்புலி," என்றார் அண்ணி. என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. "உங்க பெரியவர் என்னைக் கொலைகாரின்னே எழுதிட்டாராமே?"

"இல்ல அண்ணி, இருமடங்கு மருந்துன்னு..."

"ரெண்டும் ஒண்ணுதான். எனக்கு எண்ணத் தெரியாதுன்னு அர்த்தம்."

"வீட்டுச் செலவுல எண்ணத் தெரியாதுங்கறது உண்மைதானே," என்றான் அண்ணன்.

"நீங்க வாயை மூடிக்கிட்டு அந்தக் குக்கரைப் பாருங்க." கத்தியின் முனை அவன் பக்கம் ஒரு கணம் திரும்பிவிட்டு வெங்காயத்துக்கே போயிற்று.

நான் கேட்டேன்: "அண்ணி, உங்க வார்டுல அந்த மாத்திரையை எப்படிக் குடுத்தீங்க?"

"எப்படின்னா? முழுங்க முடிஞ்சவங்க முழுங்கினாங்க. முடியாதவங்களுக்குப் பொடிச்சு, தண்ணில கலக்கி, மூக்குக் குழாய்ல விட்டோம்."

"அந்த மாத்திரையையா? அது மெதுவாக் கரையறதாச்சே!"

"எனக்குத் தெரியாதா? ரவுண்ட்ஸ்ல உங்க பெரியவர்கிட்டயே நின்னு சொன்னேன். சார், இதைப் பொடிக்கக் கூடாது, சிரப் வரவழைச்சுக் குடுங்கன்னேன். 'ஆய்வுல எல்லாருக்கும் ஒரே மாத்திரைதான், பொடிச்சே குடுங்க'ன்னாரு. மறுபடியும் சொன்னேன். 'சிஸ்டர், டாக்டர் நானா நீங்களா'ன்னாரு. இப்ப என்னைக் கேக்கறாரு, ஏன் அதிகமாச்சுன்னு!"

நறுக்கிய வெங்காயத்தை அவர் வாணலியில் போட்ட வேகத்தில் எண்ணெய் தெறித்தது. அண்ணன் ஒரு அடி பின்வாங்கினான்.

எனக்குள் ஏதோ 'டக்'கென்று பொருந்தியது. மெதுவாகக் கரையும் மாத்திரை பார்க்கச் சாதாரண மாத்திரைதான். ஆனால் உள்ளே ஒரு தந்திரம் இருக்கிறது. மருந்தை ஒரு பசையோ மெல்லிய தோலோ பிடித்து வைத்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க விடும். குழாயைக் கொஞ்சமாகத் திறந்து வைத்த தொட்டி மாதிரி. பொடித்தால் தொட்டியையே உடைத்த மாதிரி. மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் கொட்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால் அளவு உச்சத்தில் இருக்கும். அடுத்த வேளைக்கு முன்னால் எடுத்தால் மற்றவர்களைவிடக் குறைவாகக்கூட இருக்கும், கொட்டித் தீர்ந்துவிட்டதல்லவா?

இருமடங்கு கொடுத்திருந்தால் அப்படி ஆகாது. அப்போதும் அதிகம், அப்புறமும் அதிகம்.

ஆனால் இதை என் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அண்ணிக்காகக் கதை கட்டுகிறாள் என்பார்கள். ஆகவே மறுநாள் 'ஆனாலும்' டாக்டரிடம் போனேன். எங்கள் பிரிவில் இளைய ஆய்வு மருத்துவர். எதைச் சொன்னாலும் "ஆனாலும்..." என்று ஆரம்பிப்பார், அதனால் அந்தப் பெயர். ஆராய்ச்சிக்கு அந்த வார்த்தையைவிட நல்ல வார்த்தை இல்லை என்பது என் கட்சி.

"சார், மூக்குக் குழாய்ல மருந்து வாங்கினவங்க எல்லாரோட விவரமும் வேணும். எந்த வார்டா இருந்தாலும். மாத்திரையைப் பொடிச்சதா, சிரப்பா. வார்டு வார்டாப் போய் நீங்களே கேட்டு எழுதணும். ரத்த அளவை நீங்க பாக்கக் கூடாது. படத்தையும் பாக்கக் கூடாது."

"ஏன், நான் ஏமாத்திடுவேனா?"

"யாரா இருந்தாலும் ஏமாறுவோம் சார். உயரமா இருக்கற புள்ளின்னு தெரிஞ்சா, 'இவங்களுக்குப் பொடிச்சுதான் குடுத்திருப்பாங்க'ன்னு கை தானாப் போகும்."

"ஆனாலும்," என்றார் அவர். பிறகு யோசித்து, "ஆனாலும் இல்லை. சரி," என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அவர் கொண்டுவந்த விவரத்தைப் படத்தோடு சேர்த்தேன். குழாயில் மருந்து வாங்கியவர்கள் பதினைந்து பேர். எட்டுப் பேருக்கு அந்தந்த வார்டு மருத்துவர்களே சிரப் வரவழைத்து, நாள் முழுக்கச் சிறு சிறு அளவாகக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் சிலர் பொது வார்டு, சிலர் தீவிர சிகிச்சை. அந்த எட்டுப் புள்ளியும் மேகத்துக்குள்ளேயே சமர்த்தாக இருந்தன. குழாய் குற்றவாளி இல்லை. பொடித்து வாங்கியவர்கள் ஏழு பேர். எல்லாரும் பக்கவாத வார்டு. அவர்களில் ஆறு பேர் மேலே மிதந்தார்கள். ஒருவர் மட்டும் மேகத்துக்குள்ளேயே இருந்தார். மிதந்த ஏழில் மிச்சமிருந்த அந்தப் பொது வார்டுக்காரர் மாத்திரையை முழுசாக விழுங்கியவர். அவருக்கு ஏன் உயர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வேளைக்கு முன்னால் எடுத்த ரத்தக் கணக்கையும் பார்த்தேன்: பொடித்து வாங்கி மிதந்த ஆறு பேருக்கும் அது மற்றவர்களைவிடக் குறைவு.

இப்போது இதை எப்படிக் காட்டுவது? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குவார்கள். என் மென்பொருளிடம் "பெயர் எழுது" என்றால் நூற்று நாற்பது புள்ளிக்கும் நோயாளி எண்ணை எழுதிவிடும். திரை எறும்புப் புற்றாகிவிடும். "ரொம்ப விலகினதுக்கு மட்டும் எழுது" என்றால் ஏழு எண்களை எழுதும். பதினேழாம் நோயாளி, எண்பத்திரண்டாம் நோயாளி என்று படித்துப் பார்வையாளர் என்ன செய்வார்? அந்த எண் அவருக்கு யாருமில்லை. விலகிய புள்ளியைப் பார்த்ததும் மனசு கேட்பது 'யார்' என்றல்ல, 'ஏன்' என்று. அதற்குப் பதில்தான் எழுத்தாக இருக்க வேண்டும்.

ஆகவே எல்லாப் புள்ளிகளையும் வெளிர் சாம்பலாக்கினேன். பொடித்துக் கொடுத்த ஏழு பேரை மட்டும் கருநீல முக்கோணமாக்கினேன். நிறம் மட்டும் போதாது. எங்கள் அரங்கத்துப் புரொஜெக்டர் நீலத்தைக் கருப்பாக்கிவிடும், சிவப்பைப் பழுப்பாக்கிவிடும். வடிவம் அப்படி மாறாது. சிரப் வாங்கிய எட்டுப் பேரை வெள்ளை வட்டமாக்கினேன். விளக்கப் பெட்டியை மூலையில் வைக்கவில்லை. கண் மூலைக்கும் புள்ளிக்குமாக ஓடிக் களைத்துவிடும். முக்கோணங்களுக்கு அருகிலேயே எழுதினேன்: "மாத்திரை பொடிக்கப்பட்டு, குழாய் வழி (7)." வெள்ளை வட்டங்களுக்குப் பக்கத்தில்: "சிரப், குழாய் வழி (8)." அந்தப் பொது வார்டுக்காரருக்கு மெல்லிய கோடு இழுத்து: "முழு மாத்திரை, காரணம் தெரியவில்லை."

மேகத்துக்குள் இருந்த அந்த ஒரு முக்கோணத்தையும் முக்கோணமாகவே விட்டேன். அது என் கதைக்கு இடைஞ்சல்தான். அதனால்தான் விட்டேன். உயர்ந்த முக்கோணங்களை மட்டும் காட்டியிருந்தால், நானும் பக்கத்தில் இருந்ததையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்ட ஆளாகியிருப்பேன்.

தலைவர் படத்தைப் பார்த்தார். புரியாதவர் இல்லை அவர். அதுதான் என் வயிற்றெரிச்சல். ஒரே பார்வையில் புரிந்தது அவருக்கு.

"இது மாநாட்டுக்கு வேண்டாம்," என்றார்.

"ஏன் சார்?"

"ஆய்வு சிறுநீரகத்தைப் பத்தி. பொடிக்கறது, கரைக்கறது எல்லாம் வார்டு சமாச்சாரம். கேக்கறவங்க கவனம் சிதறும்."

"நர்ஸ் தவறுங்கறது வார்டு சமாச்சாரம் இல்லையா சார்?"

"குரலை உயர்த்தாதீங்கம்மா."

"நான் உயர்த்தலை சார். அந்த ஏழு புள்ளிதான் உயர்ந்திருக்கு."

'ஆனாலும்' டாக்டர் இருமினார். அது சிரிப்பை மறைக்கிற இருமல். தலைவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் ஒரு சமரசம் சொன்னார். "சரி. நர்ஸ்னு போட மாட்டேன். உங்க எழுத்தும் வேண்டாம். எதுவும் எழுதாம விட்டுடலாம். யாருக்கும் சங்கடமில்லை."

யாருக்கும் சங்கடமில்லை! மெமோவைக் கையில் வைத்திருந்த அண்ணிக்குச் சங்கடமில்லையாம். எழுதாமல் விட்டால் அந்தப் புள்ளிகள் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். எல்லாரும் 'ஏதோ பிழை' என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். பிழை யாருடையது என்று மெமோ சொல்லிக்கொள்ளும். ஒன்றும் எழுதாததும் ஒரு பக்கம் சாய்வதுதான். நான் சம்மதிக்கவில்லை. என் பெயரில் எழுத்தில்லாத படம் போகக் கூடாது என்றேன். "பார்த்துக்கலாம்" என்று எழுந்து போய்விட்டார்.

மாநாட்டு நாளன்று அரங்கம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் நிர்வாக இயக்குநர். நான் பின்வரிசையில். தலைவர் நன்றாகத்தான் பேசினார். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பிறகு அந்த ஸ்லைடு வந்தது.

என் எழுத்துகள் ஒன்றுகூட இல்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார். எழுத்துதான் வில்லங்கம் என்று நினைத்தாரே ஒழிய, புள்ளிகளின் வடிவம் அவர் கவனத்துக்கு வரவில்லை. சாம்பல் மேகத்துக்கு மேலே கருநீல முக்கோணங்கள், யார் வீட்டுக் கல்யாணத்திலோ அழைப்பில்லாமல் வந்து நிற்கிற விருந்தாளிகள் மாதிரி, பளிச்சென்று நின்றன. உள்ளே வெள்ளை வட்டங்கள் வேறு.

ஆராய்ச்சி செய்கிறவர்களைக் கூட்டி வைத்து, காரணமில்லாமல் வடிவம் மாறிய புள்ளியைக் காட்டுவதும், குழந்தைக்கு முன்னால் பூட்டிய பெட்டியை வைப்பதும் ஒன்றே. தலைவர் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். ஒருவர்கூட மேகத்தைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் முதலில் கை தூக்கியவர் ஒரு மூத்த மருந்தியல் பேராசிரியை. "ரொம்ப நல்ல வேலை. அந்த முக்கோணங்கள் யாரு?"

"அதெல்லாம் விதிவிலக்குகள், மேடம்," என்றார் தலைவர்.

"அது தெரியுது. ஆனா ஒரு முக்கோணம் கூட்டத்துக்குள்ளயே இருக்கே. அது விதிவிலக்கு இல்லையே. அப்ப முக்கோணம் வேற எதையோ குறிக்குது. எதை?"

என் கதைக்கு இடைஞ்சலாக இருந்ததே, அந்த ஏழாவது முக்கோணம்! அது இல்லாமல் போயிருந்தால் "விதிவிலக்கு" என்ற சொல் செல்லுபடியாகியிருக்கும்.

தலைவர் தண்ணீர் குடித்தார். "படம் தயாரிச்சது எங்க புள்ளியியல் ஆள். அவங்களைக் கேளுங்க. ஏதோ வடிவமைப்புக் கோளாறு போல."

வடிவமைப்புக் கோளாறு! எழுந்துவிட்டேன். மைக் யாரும் தரவில்லை, தேவைப்படவும் இல்லை.

"முக்கோணம் ஏழு பேர், மேடம். மெதுவாக் கரையற மாத்திரையைப் பொடிச்சு மூக்குக் குழாய்ல வாங்கினவங்க. வெள்ளை வட்டம் எட்டுப் பேர், அதே குழாய்ல சிரப் வாங்கினவங்க. வகை பிரிச்சவர் ரத்த அளவைப் பாக்காமப் பிரிச்சார். மேல இருக்கற அந்தச் சாம்பல் புள்ளி ஒண்ணுக்குக் காரணம் தெரியலை. படத்துல எழுதியிருந்தேன். இப்ப எழுத்து இல்லை. இன்னொண்ணும் சொல்லணும். பொடிச்சது நடந்த வார்டுப் பொறுப்பு நர்ஸ் என் அண்ணி. அதனால என்னை நம்ப வேண்டாம். எண்களை வாங்கிப் பாருங்க."

பேராசிரியை கேட்டார்: "இருமடங்கு அளவு போயிருக்கலாமே?"

"போயிருந்தா அடுத்த வேளைக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துலயும் அதிகமா இருக்கணும், மேடம். உயர்ந்த ஆறு பேருக்கும் அது மத்தவங்களைவிடக் கம்மி."

"கொட்டித் தீர்ந்திருக்கு," என்றார் அவர், பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது போல. பிறகு தலைவரைப் பார்த்தார். "பொடிக்கச் சொன்னது யாரு?"

நிர்வாக இயக்குநர் தன் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நேரம் முடிந்துவிட்டது என்று அமர்வை நடத்தியவர் அறிவித்தார், அவசரமாகக் கைதட்டினார்கள்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. வெட்கப்படுகிறவர்கள் எப்போதும் வேகமாகத்தான் நடப்பார்கள். எல்லா வார்டுக்கும் சிரப் வந்தது. பொடிக்கக் கூடாத மாத்திரைகளின் பெயர்கள் மருந்து அலமாரிகளில் ஒட்டப்பட்டன. தலைவர் என்னைக் கூப்பிட்டு, கட்டுரைக்கு என் பழைய படத்தை, எழுத்தோடு, கேட்டார். "நாம கண்டுபிடிச்சது முக்கியமான விஷயம்மா," என்றார். 'நாம'! அந்த ஒரு சொல்லை விழுங்க எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் வேண்டியிருந்தது.

நல்ல செய்தி சொல்ல வார்டுக்கு ஓடினேன். அண்ணியின் மேசைக்கு முன்னால் அலுவலக உதவியாளர் ஒரு தாளை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். மெமோ ரத்து என்று ஒரே ஒரு வரி. கீழே, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட இடம்.

"பாத்தீங்களா அண்ணி! ஜெயிச்சாச்சு! அந்த முக்கோணத்தைப் பாத்ததும் அவங்க முகம் போன போக்கை..."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த முகம் அதுவல்ல.

"உனக்கு நன்றி சொல்லணும். சொல்றேன். ஆனா எனக்கு ஒண்ணு புரியலை. இதையேதான் நான் ரவுண்ட்ஸ்ல ரெண்டு தடவை சொன்னேன். வாயால, நேரா, முகத்துக்கு முன்னாடி. அப்ப யாருக்கும் காது கேக்கலை. நீ ஏழு முக்கோணம் போட்டதும் எல்லாருக்கும் கண்ணு தெரியுது. அந்த ஆறு பேர்ல ரெண்டு பேருக்குத் துடிப்பு இறங்கி, நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அவங்களுக்கு உன் படம் வர்ற வரைக்கும் காத்திருக்க நேரமிருந்துச்சா?"

படங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று மணிக்கணக்கில் சொல்வேன். இதற்கு ஒரு வரிகூட இல்லை என்னிடம்.

உதவியாளர் பேனாவை நீட்டினார். "சிஸ்டர், கையெழுத்து. எனக்கு இன்னும் ரெண்டு இடம் போகணும்."

அண்ணி தாளை எடுத்து ஒரு முறை படித்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

"ரத்துன்னு இருக்கு. ஏன் ரத்துன்னு இல்லையே?"

"அது... எனக்குத் தெரியாது சிஸ்டர்."

"உங்களைக் கேக்கலைங்க. இதை அப்படியே எடுத்துட்டுப் போங்க. பொடிக்கச் சொன்னது யாரு, வேண்டாம்னு சொன்னது யாரு, ரெண்டும் எழுதிக் கொண்டு வாங்க. அப்பத்தான் போடுவேன்."

"அவங்க எழுத மாட்டாங்க சிஸ்டர்."

"அப்ப நானும் போட மாட்டேன்."

உதவியாளர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சமாதானம் சொல்வேன் என்று. நான் சொல்லவில்லை. அண்ணி தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, மூலைப் படுக்கையில் யாரோ கூப்பிட, கையுறையை மாட்டிக்கொண்டு நடந்தார்.